சங்கப் பொருளாளர் பொறுப்பு இனி வேண்டாம் என்றால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் பொருளாளர் மட்டும் வருடக்கணக்கில் மாறுவதில்லை. பராமரிப்புக் கட்டணம் வசூலிப்பது, லிஃப்ட் பில், காவலாளி சம்பளம் என்று தினசரி வேலை இருப்பதால் யாரும் முன்வருவதில்லை. இத்தனை வருடம் செய்தவர் விலக நினைத்தால், அதைச் சொல்லும் விதத்தில்தான் முதலில் சறுக்குகிறார்.

“இந்த வருஷம் கொஞ்சம் கஷ்டம், பார்க்கலாம்” என்றால் கேட்பவர்களுக்கு அது சம்மதம். காரணமாக முழங்கால் வலியைச் சொன்னால், “மீட்டிங்கை உங்க வீட்லயே வெச்சுக்கலாம் சார்” என்று தீர்வும் உடனே வந்துவிடும். அதனால் காரணங்களை அடுக்க வேண்டாம். “அடுத்த குழுவில் எந்தப் பொறுப்பும் ஏற்க மாட்டேன்” என்று ஒரே வரியில் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். அதையும் பொதுக்குழு நாளன்று நீட்டக் கூடாது. கூட்டத்தில் பத்துப் பேர் கை தட்டி உங்கள் பெயரையே முன்மொழிந்தால் மறுப்பது ரொம்பக் கஷ்டம். ஜூனில் கூட்டம் என்றால் ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டால், ஆள் தேட அவர்களுக்கும் நேரம் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, “பேருக்கு மட்டும் இருங்க, வேலையை நாங்க பார்த்துக்கறோம்” என்பதற்குத் தலையாட்டுவது. பேருக்கு இருப்பவரும் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டும். தான் பார்க்காத செலவுக்கு ஒப்புதல் தருகிறார் என்று அர்த்தம். நாளைக்குப் பெயின்டிங் செலவில் கணக்கு உதைத்தால், கேள்வி கையெழுத்துப் போட்டவரிடம்தான் வரும்.

சரி, புதியவர் வந்துவிட்டார். இங்கேதான் பலரும் சாவியையும் ரசீது புத்தகத்தையும் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வங்கிக்கு அது தெரியாது. புதுக் குழுவின் தீர்மான நகலும் புதியவரின் அடையாள ஆவணங்களும் போகும் வரை, கையெழுத்து அதிகாரம் உங்களிடமேதான் இருக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கமாக இருந்தால், குழு மாற்றத்தைப் படிவம் 7-இல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அது போகாதவரை பதிவேட்டில் நீங்கள்தான் குழு உறுப்பினர். செயலாளர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், தாக்கல் செய்ததற்கான அத்தாட்சி நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்கை ஒப்படைக்கும்போது ஒரு தேதியைக் குறித்து, அன்றைய வங்கி இருப்பு, கையிருப்பு ரொக்கம், வைப்புத்தொகை ரசீதுகள், கட்டண பாக்கி உள்ள வீடுகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் கைபேசி எண். பொது மின் இணைப்பு, வருமான வரித் தளம், சங்கத்தின் இணைய வங்கி மூன்றிலும் பெரும்பாலும் பொருளாளரின் எண்தான் இருக்கும். அதை மாற்றாவிட்டால், விலகிய பிறகும் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் ஓடிபி கேட்டு உங்களுக்குத்தான் போன் வரும்.