கருப்பை தள்ளிய மாட்டை எழுப்பாதீர்கள்: டாக்டர் வரும்வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதவரம், மணலி, புழல் பக்கம் இரண்டு மூன்று மாடு வாங்கி வீடு வீடாகப் பால் ஊற்றத் தொடங்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். தீவனம், கறவை, சினை ஊசி எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது. ஆனால் கன்று போட்ட மாடு கருப்பையை வெளியே தள்ளிவிட்டால், அந்தக் காலத்தில் நாங்கள் பதறிப்போய் என்னென்ன செய்தோமோ அதையே இவர்களும் செய்கிறார்கள். கையைக் கழுவு, டாக்டரைக் கூப்பிடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். டாக்டர் வந்து சேரும்வரை உள்ள ஒன்று இரண்டு மணி நேரத்தில் மாட்டைக் கொல்வது எது, காப்பது எது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வெளியே வந்தது எது என்று பார்க்காமல் கை வைப்பது

பின்னால் தொங்குவதெல்லாம் கருப்பை இல்லை. நஞ்சுக்கொடி மெல்லிய சவ்வாக, கயிறு கயிறாகத் தொங்கும். கன்று போடுவதற்கு முன்பே, சினையின் கடைசி வாரங்களில், மாடு படுக்கும்போது வழவழவென்று ரோஸ் நிறத்தில் ஒரு உருண்டை வெளியே தெரிந்தால் அது பிறப்புறுப்புச் சுவர். எழுந்து நின்றால் பல சமயம் தானாகவே உள்ளே போய்விடும். அதற்கும் டாக்டர் வேண்டும், ஆனால் அவசரம் வேறு.

கருப்பை தள்ளுவது கன்று போட்ட சில மணி நேரத்துக்குள், பெரும்பாலும் முதல் நாளுக்குள் நடந்துவிடும். தடித்த சிவப்புச் சதையாக, மாடு நின்றால் பின்னங்கால் முட்டி வரை தொங்கும். அதன்மேல் முழுக்க பொத்தான் தைத்த மாதிரி குமிழ் குமிழாக இருக்கும். அந்தக் குமிழ்களில்தான் நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும், சில இடத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கும். இதை "கொடி விழுந்துடுச்சு" என்று நினைத்து இழுத்தவர்கள் உண்டு, கத்தியோடு வந்தவர்களும் உண்டு. குமிழ் தெரிந்தால் இழுக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது.

எழுப்பி நிறுத்துவது, வண்டியில் ஏற்றுவது

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இன்னமும் நடக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

மணலிப் பக்கம் ஒரு வீட்டில் நல்ல கறவை உள்ள ஜெர்சி கலப்பு மாடு. மூன்றாவது ஈற்று. நடு ராத்திரிக்கு மேல் பெரிய கிடாரிக் கன்று, இரண்டு பேர் சேர்ந்து இழுத்துத்தான் வந்தது. கன்றைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மாடு முக்கிக்கொண்டிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் கருப்பை மொத்தமும் வெளியே. எனக்குப் போன் வந்தது. "படுத்தபடியே இருக்கட்டும், டாக்டருக்குச் சொல்லிவிடு" என்றேன். ஆனால் அக்கம்பக்கத்தில் எழுந்து வந்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள், அவர்கள் பேச்சை அந்தப் பையனால் மீற முடியவில்லை. "இன்னாப்பா பாத்துக்கினு நிக்கிற, வேப்பேரி ஆஸ்பத்திரி கிட்டத்தானே, குட்டி யானையில ஏத்து" என்று ஒருவர் சொல்ல, மூங்கிலை வயிற்றுக்கடியில் கொடுத்து நான்கு பேர் தூக்கினார்கள்.

மாடு எழுந்தது. வண்டிப் பலகை வரை நடந்தது. ஏறும் முன் பின்னங்கால் பின்னிக்கொண்டு விழுந்தது. நான் போய்ச் சேரும்போது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இமையை விலக்கிப் பார்த்தேன், உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் அதிகமாக வரவில்லை. "நல்லாத்தானே நடந்துச்சு அண்ணா" என்று அந்தப் பையன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் இரண்டு பக்கமும் சவ்வுக்குள் ஓடுகின்றன. நிறைசினையில் அவை விரல் கனத்துக்குப் பெருத்துவிடும். கருப்பை உள்வெளியாகப் புரண்டு வெளியே வரும்போது அந்த நாளங்களும் கூடவே இழுபட்டு, விறைத்து நிற்கும். மாடு எப்போதும் பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கி எழும். அப்படி எழும்போது, ரத்தம் கட்டிக் கனத்துப்போன கருப்பை மொத்தமும் அந்த நாளங்களில் தொங்கி ஆடுகிறது. ஒரு அடி வைத்தால் ஒரு ஆட்டம். நாளம் அறுந்தால் ரத்தம் உள்ளேயே கொட்டும், வெளியே தெரியாது. பக்கத்திலேயே டாக்டர் நின்றாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றும் உண்டு. கருப்பை தள்ளும் கறவை மாடுகளில் நிறைய மாட்டுக்கு அதே நேரத்தில் கால்சியம் குறைந்திருக்கும், நாம் பால் காய்ச்சல் என்று சொல்வது. கால்சியம் இல்லாவிட்டால் கருப்பைத் தசை இறுகாமல் தொளதொளவென்று கிடக்கும், அதனால்தான் முக்கும்போது புரண்டு வெளியே வருகிறது. அதே காரணத்தால் கால் தசைக்கும் பலம் இருக்காது. காது சில்லென்று, கழுத்து ஒரு பக்கம் வளைந்து, நிற்கும்போது நடுக்கம். அந்த மாட்டை எழுப்பினால் விழும், விழுந்தால் கருப்பை மேலேயே விழும்.

அதனால் படுத்திருக்கிற மாட்டைப் படுக்கவே விடுங்கள். நெஞ்சு தரையில் படும்படி உட்கார்ந்த நிலையில் இருக்கட்டும். பக்கவாட்டில் சாய்ந்து படுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும், வைக்கோல் மூட்டையை விலாவுக்கு முட்டுக் கொடுத்து நிமிர்த்துங்கள். தலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பக்கத்திலேயே உட்காரட்டும், அதிலும் மாட்டுக்குப் பழகிய ஆள். கூட்டத்தை வெளியே அனுப்புங்கள்.

நம் பக்கத்துக் கொட்டகைகளில் ஒரு தனித் தொல்லை உண்டு. மூத்திரம் வடிய வேண்டும் என்று தரையைப் பின்பக்கம் சரிவாகப் போட்டிருப்போம், முடிவில் சாணிக் கால்வாய். மாடு படுத்தால் பின்பக்கம்தான் தாழ்வு, கருப்பை நேராகக் கால்வாயில் கிடக்கும். மாட்டைத் திருப்பப் பார்க்காதீர்கள். கால்வாயை வைக்கோல் போட்டு நிரப்பி, அதன்மேல் துவைத்த பெட்ஷீட்டை மடித்து விரித்து, கருப்பையை இரண்டு கையாலும் ஏந்தி அதன்மேல் வையுங்கள். பிட்டத்துக்குக் கீழே மடித்த கோணியைத் திணித்துக் கொஞ்சமாவது உயர்த்த முடிந்தால் இன்னும் நல்லது.

சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு போட்டு, அதை மெதுவாக ஊற்றிச் சாணியையும் மண்ணையும் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம், குமிழ்கள் பிய்ந்து ரத்தம் வரும். அப்புறம் அதே உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் முழுக்கச் சுற்றி, காயக் காய ஊற்றிக்கொண்டே இருங்கள். காய்ந்த கருப்பை வெடித்துக் கிழியும், டாக்டர் கை வைத்தாலே பிய்யும். தெருநாய், காக்கா இரண்டையும் விரட்ட ஒரு ஆள் வேண்டும். விடிந்துவிட்டால் காக்கா கொத்தும், லேசாக நினைக்காதீர்கள்.

மாடு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தால்? படுக்க வைக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம். பெட்ஷீட்டின் இரண்டு முனையையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கருப்பையைத் தூளி போல ஏந்தி, பிறப்புறுப்பு மட்டத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். நாளத்தின் மேலிருந்த பாரம் கைக்கு வந்துவிடும். கை வலிக்கும், ஆள் மாற்றிப் பிடியுங்கள். ஆனால் டாக்டர் வரும்வரை இறக்கக் கூடாது.

கையால் உள்ளே தள்ளுவது

வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். வீடியோவில் தெரியாதது, டாக்டர் முதலில் வால் அடியில் முதுகுத்தண்டில் போட்ட மரப்பு ஊசி. அது இல்லாவிட்டால் நீங்கள் ஒரு சாண் தள்ள, மாடு முக்கி இரண்டு சாண் வெளியே தள்ளும். வீங்கிய கருப்பைச் சுவரில் விரல் நுனி சுலபமாக ஓட்டை போட்டுவிடும். அந்தப் பைக்குள் சில நேரம் மூத்திரப்பையும் குடலும் கூட வந்து உட்கார்ந்திருக்கும். பாதி தள்ளி, கருப்பைக் கொம்பின் நுனி நிமிராமல் மடிந்தே உள்ளே நின்றால் மாடு முக்கிக்கொண்டே இருக்கும், மறுபடி வெளியே வரும்.

சர்க்கரை

சர்க்கரை வீக்கத்து நீரை இழுக்கும், அது நிஜம். ஆனால் சாணி ஒட்டிய கருப்பை மேல் கொட்டித் தேய்ப்பதால் பலன் இல்லை. கழுவிய பிறகு, டாக்டர் வரத் தாமதமாகும் என்றால், போனில் அவரைக் கேட்டுவிட்டுத் தூவுங்கள்.

மஞ்சள், பினாயில், மண்ணெண்ணெய்

எதுவும் வேண்டாம்.

வாயில் கால்சியம் ஊற்றுவது

கழுத்து துவண்ட மாட்டுக்கு விழுங்கும் சக்தி இருக்காது. ஊற்றியது நுரையீரலுக்குப் போகும்.

கொடியில் செருப்பு, செங்கல் கட்டுவது

கருப்பையைக் கீழே இழுக்க வேறு என்ன வேண்டும்? கட்டாதீர்கள்.

ஆட்டையும் மாடு மாதிரியே நினைப்பது

செம்மறிக்கு விஷயம் கொஞ்சம் வேறு. செங்குன்றம், மீஞ்சூர் பக்கம் மெட்ராஸ் சிவப்பு ஆடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது, ஆட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம். உப்புத் தண்ணீரில் கழுவி, ஈரத் துண்டால் சுற்றி, அதற்குமேல் சுத்தமான பிளாஸ்டிக் பை ஒன்றைப் போர்த்தி, பின்பக்கம் உயரமாக இருக்கும்படி ஒருவர் மடியில் வைத்து ஆட்டோவில் கூட்டிப் போனால் போதும். நடக்க மட்டும் விடாதீர்கள். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டபடியே வைத்திருப்பதும் கூடாது, இரைப்பை நெஞ்சை அழுத்தி மூச்சு முட்டும். குட்டிகளைக் கூடவே கொண்டுபோங்கள், சத்தம் கேட்டால் தாய் பதறாமல் இருக்கும்.

"மாட்டுக்கு முடியல, சீக்கிரம் வாங்க"

போனில் இப்படிச் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குக் கூப்பிட்டாலும் தெரிந்த டாக்டரைக் கூப்பிட்டாலும் முதல் வாக்கியமே "கன்று போட்ட மாடு, கருப்பை முழுசா வெளியே வந்துடுச்சு" என்று இருக்கட்டும். அப்புறம் எத்தனை மணிக்குக் கன்று போட்டது, எத்தனையாவது ஈற்று, நிற்கிறதா படுத்திருக்கிறதா, காது சில்லென்று இருக்கிறதா, கொடி ஒட்டியிருக்கிறதா. இதைக் கேட்டால்தான் கால்சியம் பாட்டிலும் மரப்பு ஊசியும் எடுத்துக்கொண்டு வருவார். அவர் வருவதற்குள் இரண்டு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், நல்ல வெளிச்சம், பலமான இரண்டு ஆள் தயாராக இருக்கட்டும்.

உள்ளே வைத்த பிறகு முதல் நாள் முழுக்க மாட்டைப் பாருங்கள். திரும்ப முக்கினாலோ, இமை வெளுத்தாலோ உடனே சொல்ல வேண்டும். கால்சியம் குறைந்த மாடு என்று டாக்டர் சொன்னால் முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள், கன்றுக்குத் தேவையானதோடு நிறுத்துங்கள். அவசரப்பட்டு மாட்டை விற்கவும் வேண்டாம். கருப்பை நன்றாக ஆறிய மாடு மறுபடி சினை பிடிக்கும், அடுத்த ஈற்றிலும் தள்ளியே தீரும் என்பதில்லை. சினைக் காலத்தில் பிறப்புறுப்புச் சுவரைத் தள்ளும் மாடும் ஆடும்தான் அடுத்த சினையிலும் அதையே செய்யும். விற்பதா வைத்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டியது அவற்றைப் பற்றி.