ஆபத்தும் இடரும் ஒன்றல்ல: தரநிலையின் வரையறைப் பகுதியைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயந்திரப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 12100 தரநிலையை (2010) எடுத்துக்கொள்வோம். அதன் வரையறைப் பகுதியில் ஹார்ம், ஹசார்டு, ரிஸ்க் என மூன்று சொற்கள் வருகின்றன. உடல் காயமோ உடல்நலக் கேடோ ஏற்படுவது ஹார்ம். அதை உண்டாக்கக்கூடிய மூலம் ஹசார்டு. அது நேர்வதற்கான வாய்ப்பையும் நேர்ந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது ரிஸ்க்.

அகராதியைப் புரட்டினால் கடைசி இரண்டுக்கும் ஆபத்து, அபாயம், இடர் என்ற அதே சொற்கள்தான் மாறி மாறிக் கிடைக்கும். முதல் தவறு இங்கேதான் நடக்கிறது: வரையறையைப் படிக்காமல், தலைச்சொல்லை மட்டும் பார்த்துச் சொல் தேர்ந்தெடுப்பது. ஹசார்டு, ரிஸ்க் இரண்டுக்கும் 'அபாயம்' என்று போட்டுவிட்டால் என்ன ஆகும்?

தகட்டை அழுத்தி வடிவமாக்கும் ஒரு பவர் பிரஸ்ஸைப் பாருங்கள். அதன் மேல் அச்சான டை இறங்கி மூடுவது ஹசார்டு. தகட்டை உள்ளே வைக்கத் தொழிலாளி கையை நீட்டும் நேரம் ஹசார்டஸ் சிச்சுவேஷன். விரல் நசுங்குவது ஹார்ம். முன்னால் ஒளிக்கதிர்களால் ஆன லைட் கர்ட்டன் பொருத்தினால் கை உள்ளே போனதும் பிரஸ் நின்றுவிடும். ஆனால் டை அதே விசையோடு இறங்கும் இயந்திரம்தான் அது. ஹசார்டு அப்படியே இருக்கிறது, ரிஸ்க் மட்டும் குறைந்திருக்கிறது. வடிவமைப்பிலேயே பாதுகாப்பைக் கொண்டுவரும் முதல் படியில் மட்டும்தான் ஹசார்டை நீக்க முடியும் என்று தரநிலை சொல்கிறது. காப்புகளும் எச்சரிக்கைகளும் அதற்குப் பிறகுதான். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், 'அபாயத்தை நீக்குக' என்ற வரியைப் படிக்கும் வடிவமைப்பாளர் லைட் கர்ட்டனோடு வேலை முடிந்தது என்று நினைக்க இடமிருக்கிறது.

நான் தேர்வது இப்படி: ஹார்முக்குத் தீங்கு, ஹசார்டுக்கு ஆபத்து, ரிஸ்க்குக்கு இடர். 'அபாயம்' டிரான்ஸ்ஃபார்மர் பலகையில் எல்லோரும் பார்த்துப் பழகிய எச்சரிக்கைச் சொல். அதை இயந்திரத்தில் ஒட்டும் எச்சரிக்கைப் பட்டைக்கே விட்டுவிடலாம். வேறு சொற்களைத் தேர்ந்தாலும் சரிதான், மூன்றும் வேறு வேறாக இருக்கும் வரை.

தேர்வு சரியா என்று பார்க்க, சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதன் வரையறையை வைத்துப் படியுங்கள். 'லைட் கர்ட்டனால் ஆபத்து குறைகிறது' என்பது 'தீங்கு விளைவிக்கக்கூடிய மூலம் குறைகிறது' என்றாகும். டை மாறவே இல்லையே, பிறகு எப்படிக் குறையும்? இடர் என்று போட்டால், 'தீங்கு நேரும் வாய்ப்பும் அதன் கடுமையும் சேர்ந்தது குறைகிறது' என வாக்கியம் நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஹசார்டு ஸோன், டேஞ்சர் ஸோன் என்ற இரு பெயர்களையும் தரநிலை ஒரே கருத்துக்குத் தருகிறது. இங்கே ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்று வீதம் தமிழ்ச் சொல் தந்து 'ஆபத்துப் பகுதி', 'அபாயப் பகுதி' என்று பிரித்தால், இயந்திரத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட வேண்டும் என்று படிப்பவர் நினைப்பார். பொருத்தம் கருத்துக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். 'ஆபத்துப் பகுதி' ஒன்றே போதும்.

அடுத்தது, சொற்களைக் குடும்பமாகப் பார்க்காமல் ஒவ்வொன்றாக மொழிபெயர்ப்பது. கார்டு என்பது இயந்திரத்தின் பாகமாக அமைந்த திடமான தடுப்பு. புரொடெக்டிவ் டிவைஸ் என்பது தடுப்பு அல்லாத பிற காப்பு. லைட் கர்ட்டன் இதில் சேரும். சேஃப்கார்டு இரண்டையும் உள்ளடக்கிய மேல்சொல். மூன்றுக்கும் 'பாதுகாப்புச் சாதனம்' என்று எழுதுவது வழக்கமாகவே இருக்கிறது. மேல்சொல்லைத் 'தடுப்பு' என்று எழுதினாலும் பிழைதான். அந்த மேல்சொல் வரும் விதிகளுக்கு வெளியே லைட் கர்ட்டன் போய்விடும். தடுப்பு, காப்புச் சாதனம், இரண்டுக்கும் பொதுவாகக் காப்பு என்று வைத்தால் எது எதில் அடங்கும் என்பது சொல்லிலேயே தெரியும்.

இன்னொன்று நல்ல நடைக்குப் பழகியவர்கள் செய்வது: ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று அடுத்த பத்தியில் 'இடர்' என்பதை 'இன்னல்' ஆக்குவது. கட்டுரைக்கு அது அழகு. தரநிலையில் சொல் மாறினால் பொருளும் மாறியதாகத்தான் படிப்பார்கள்.

முடித்ததும் கோப்பில் ஒரு தேடல் செய்யுங்கள். ஆனால் முழுச் சொல்லைத் தேடினால் வேற்றுமை உருபு ஏறிய இடங்கள் தப்பிவிடும். 'ஆபத்து' என்று தேடினால் 'ஆபத்தை', 'ஆபத்தின்' சிக்காது. 'ஆபத்' என்ற அளவில் தேடி, கிடைக்கும் ஒவ்வொரு இடத்தையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். 'ஆபத்தான' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய வரிகளும் அப்போது அகப்படும். ஹசார்டஸ் சிச்சுவேஷனுக்கு 'ஆபத்துச் சூழல்' என்ற வரையறுத்த சொல் வரவேண்டிய இடத்தில் 'ஆபத்தான நிலைமை' உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.