திரும்பி வரும் பார்சலைக் கழிக்காமல் ரோஆஸ் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

விளம்பரத்துக்குச் செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்பதைச் சொல்லும் எண்ணையே ரோஆஸ் என்கிறோம். இணையத்தில் பொருள் விற்பவர்கள் காலையில் கண் விழித்ததும் பார்க்கும் எண் அது. பெரும்பாலான ஆர்டர்கள் முன்பணமாக வரும் தொழிலில் அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். பார்சல் கைக்கு வந்த பிறகு பணம் தரும் சி.ஓ.டி. முறை பரவலாக உள்ள இந்தியாவில், அதிலும் ஆடை விற்பனையில், அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு விளம்பரச் செலவைக் கூட்டுபவர்கள் நட்டத்தையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறார்கள்.

திருப்பூரிலிருந்து குழந்தைகள் ஆடைத் தொகுப்புகளைத் தன் சொந்த இணையக் கடையில் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்களெல்லாம் கணக்கு புரிவதற்காக நான் வட்டமாக அமைத்துக்கொண்டவை. ஒரு மாதத்தின் முதல் பாதியில் அவர் 1,20,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறார். 400 ஆர்டர்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் 1,050 ரூபாய். ஆக விற்பனை 4,20,000 ரூபாய் என்றும், ரோஆஸ் 3.5 என்றும் விளம்பரத் தளம் காட்டுகிறது.

முதல் தவறு, இந்த 4,20,000 ரூபாயை விற்பனை என்று நினைப்பது. வாடிக்கையாளர் ஆர்டரை உறுதிசெய்த அந்த நொடியிலேயே Purchase என்ற நிகழ்வு விளம்பரத் தளத்துக்குப் போய்விடுகிறது. பணம் கட்டினாரா, பார்சலை வாங்கினாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகு நடப்பவை, அவற்றைத் தளம் தானாக அறிவதில்லை. மேலும், கடையின் மென்பொருள் அனுப்பும் தொகையில் பெரும்பாலும் ஜி.எஸ்.டி.யும் அடங்கியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கு வரி 5 சதவீதம் என்பதால், நம் கடைக்காரரின் 1,050 ரூபாயில் 50 ரூபாய் அரசுக்குரியது. அவருடைய வருமானம் ஆர்டருக்கு 1,000 ரூபாய் மட்டுமே.

இனி அந்த 400 ஆர்டர்களையும் கடைசிவரை பின்தொடர்வோம். அவற்றில் 300 சி.ஓ.டி., 100 முன்பணம். அனுப்புவதற்கு முன்பே ரத்தானவை சி.ஓ.டி.யில் 30, முன்பணத்தில் 5. ஆகவே கூரியரில் ஏறியவை 365 பார்சல்கள். கதவு வரை போய், வாங்க ஆளில்லாமலோ வாங்க மறுக்கப்பட்டோ திரும்பியவை சி.ஓ.டி.யில் 72, முன்பணத்தில் 3. கூரியர்காரர்கள் இதைத்தான் ஆர்.டி.ஓ. என்பார்கள், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வாங்கிய பிறகு அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் 14 பேரும் 6 பேரும். வீட்டில் தங்கியது சி.ஓ.டி.யில் 184, முன்பணத்தில் 86, மொத்தம் 270. நிகர விற்பனை 2,70,000 ரூபாய், நிகர ரோஆஸ் 2.25.

இதுவரை வருபவர்கள் பலர் உண்டு. அடுத்த தவறு இங்கேதான் நேர்கிறது, என் பார்வையில் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறும் இதுவே: மேலே இருக்கும் விற்பனையைத் திருத்திவிட்டு, அதை ஒப்பிடும் வரம்பைப் பழையபடியே வைத்திருப்பது. கடைக்காரர் தொடக்கத்தில் போட்ட கணக்கு இப்படி இருந்தது: விலை 1,050, துணியும் தையலும் 400, பெட்டி 20, கூரியர் 70, மிச்சம் 560. அதாவது விலையில் சுமார் 53 சதவீதம் மிஞ்சுவதால் ரோஆஸ் 1.9ஐத் தொட்டாலே முதலுக்கு மோசமில்லை என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். இப்போது நிகர ரோஆஸ் 2.25 என்று தெரிந்ததும், “எல்லாம் கழித்த பிறகும் 1.9க்கு மேலேதான் இருக்கிறது” என்று நிம்மதி அடைகிறார்.

அந்த நிம்மதி தவறானது. திரும்பிய பார்சல் வருமானத்தைத் தராததோடு நின்றுவிடுவதில்லை, செலவையும் வைத்துவிட்டுப் போகிறது, அந்தச் செலவைத் தங்கிய 270 ஆர்டர்கள்தான் சுமக்க வேண்டும். போன 365 பார்சல்களுக்கும் கூரியர் கட்டணம் 25,550 ரூபாய், பெட்டிச் செலவு 7,300 ரூபாய். கதவிலிருந்து திரும்பிய 75 பார்சல்களுக்குத் திரும்பும் கட்டணம் தலா 60 வீதம் 4,500 ரூபாய். வாடிக்கையாளர் வீட்டிலிருந்து 20 பார்சல்களை எடுத்து வர தலா 90 வீதம் 1,800 ரூபாய். வாங்கப்பட்ட 198 சி.ஓ.டி. பார்சல்களுக்குப் பணம் வசூலிக்கும் கட்டணம் தலா 35 வீதம் 6,930 ரூபாய். இதில் பின்னர் திருப்பி அனுப்பப்பட்டவையும் உண்டு. முன்பணம் கட்டிய 100 பேருக்கும் பணப் பரிமாற்றக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 2,100 ரூபாய்; ஆர்டர் ரத்தானாலும் இந்தக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது. திரும்பி வந்த 95 உருப்படிகளில் 10 கறைபட்டோ கிழிந்தோ விற்க முடியாமல் போனால் இன்னும் 4,000 ரூபாய்.

தங்கிய 270 உருப்படிகளின் அடக்கவிலை 1,08,000 ரூபாயையும் மேற்சொன்ன செலவுகளையும் 2,70,000 ரூபாயிலிருந்து கழித்தால் மிஞ்சுவது 1,09,820 ரூபாய். விளம்பரச் செலவோ 1,20,000 ரூபாய். ரோஆஸ் 3.5 என்று திரையில் மின்னிக்கொண்டிருந்த அதே பதினைந்து நாட்களில் கடை 10,180 ரூபாய் இழந்திருக்கிறது. சம்பளமும் வாடகையும் இன்னும் கணக்கில் வரவில்லை.

சரியான வரம்பைக் கண்டுபிடிப்பது கடினமன்று. நிகர விற்பனையை, விளம்பரத்துக்கு முன் மிஞ்சும் தொகையால் வகுக்க வேண்டும்: 2,70,000 ÷ 1,09,820 = 2.46. நிகர ரோஆஸ் இதற்குக் கீழே இருந்தால் நட்டம். தினமும் திரையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியவர், மொத்த எண்ணான 4,20,000ஐ அதே 1,09,820ஆல் வகுத்துக்கொள்ளலாம்; விடை 3.82. அதாவது, இந்தக் கடையில் ரத்தும் திரும்புதலும் இதே விகிதத்தில் நீடிக்கும்வரை, திரையில் 3.82 தெரிந்தால்தான் கையைக் கடிக்காது. (விளம்பரச் செலவின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறுபவர் அவர் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பெறாதவருக்கு அதுவும் செலவே.)

மூன்றாவது தவறு நாட்காட்டியைச் சார்ந்தது. இந்த மாத விற்பனையிலிருந்து இந்த மாதம் திரும்பி வந்த பார்சல்களைக் கழிப்பது கணக்குப் புத்தகத்துக்குச் சரியாக இருக்கலாம், விளம்பரத்தை மதிப்பிடுவதற்குச் சரியன்று. கூரியர் இரண்டு மூன்று முறை முயன்று பார்த்து, பிறகு பார்சல் கிடங்குக்குத் திரும்புவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஒவ்வொரு மாத ஆர்டர்களிலும் 18.75 சதவீதம் கதவிலிருந்து திரும்புவதாகவும், அவற்றில் பாதி அடுத்த மாதமே கிடங்குக்கு வந்து சேர்வதாகவும் கொள்வோம். மார்ச்சில் 400, ஏப்ரலில் 800, மே மாதத்தில் 400 ஆர்டர்கள் வந்தால், ஏப்ரலில் கைக்கு வரும் பார்சல்கள் சுமார் 112, மே மாதத்தில் சுமார் 113. ஏப்ரலில் திரும்பும் விகிதம் 14 சதவீதம் என்றும் மே மாதத்தில் 28 சதவீதம் என்றும் கணக்கு காட்டும். உண்மையில் வாடிக்கையாளர்கள் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். மாறியது ஆர்டர் எண்ணிக்கை மட்டுமே. இதில் உள்ள விபரீதம் என்னவென்றால், செலவைக் கூட்டும் மாதத்தில் கணக்கு அழகாகத் தெரிந்து மேலும் கூட்டத் தூண்டும், குறைக்கும் மாதத்தில் விளம்பரம் கெட்டுப்போனதாகத் தெரியும்.

ஆகவே பார்சல் எந்தத் தேதியில் திரும்பினாலும், அதை ஆர்டர் வந்த தேதியின் கணக்கில்தான் கழிக்க வேண்டும். ஒரு வாரத்து ஆர்டர்களை ஒரு கட்டாக வைத்து, முடிவு தெரியாத பார்சல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே அந்தக் கட்டின் நிகர ரோஆஸை எழுதுவது நல்ல பழக்கம். அதுவரை காத்திருக்க முடியாதபோது, முன்பு முடிந்த சில கட்டுகளின் தங்கும் விகிதத்தைச் சி.ஓ.டி.க்கும் முன்பணத்துக்கும் தனித்தனியாக எடுத்துப் பெருக்கி, தற்காலிக எண் என்று குறித்துக்கொள்ளலாம். நம் கடையில் அவை 61 சதவீதமும் 86 சதவீதமும். இரண்டையும் கலந்து ஒரே சராசரியாக வைத்தால், சி.ஓ.டி. பங்கு கூடும் வாரத்தில் கணக்கு பொய்த்துவிடும்.

அதே கலப்படம் விளம்பரங்களுக்கிடையிலும் நடக்கிறது. கடைக்காரர் இரண்டு விளம்பரங்களுக்குத் தலா 60,000 ரூபாய் செலவழித்தார் என்று கொள்வோம். பெரிய தள்ளுபடியை முன்னிறுத்திய முதல் விளம்பரம் 230 ஆர்டர்கள் தந்தது, ரோஆஸ் 4.03. துணியின் தரத்தையும் அளவு அட்டவணையையும் காட்டிய இரண்டாவது 170 ஆர்டர்கள் தந்தது, ரோஆஸ் 2.98. மொத்தச் சராசரியால் இரண்டையும் ஒரே அளவு குறைத்தால் முதலாவதே முந்தும். தனித்தனியாகப் பின்தொடர்ந்தபோது முதலாவதில் தங்கியது 129, இரண்டாவதில் 141. நிகர ரோஆஸ் 2.15, 2.35 என வரிசை தலைகீழாகிறது. வீண் பார்சல் செலவிலும் பெரும்பகுதி முதலாவதையே சேரும். இதைப் பார்க்க வேண்டுமானால், ஆர்டர் எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு கடையின் ஆர்டர் பதிவிலேயே இருக்க வேண்டும். கூரியரின் தாளையும் அதையும் ஆர்டர் எண்ணை வைத்து இணைக்க வேண்டும். பத்து இருபது ஆர்டர் மட்டுமே தந்த விளம்பரத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டால் ஓரிரு பார்சல்களே முடிவைப் புரட்டிவிடும் என்பதால் அங்கே அவசரப்படக் கூடாது. “வாடிக்கையாளர் மறுத்தார்” என்று கூரியர் எழுதியதையும் முழுதாக நம்ப வேண்டியதில்லை. சிலரை அழைத்துக் கேட்டால், யாரும் வரவே இல்லை என்பார்கள். ஒரே பின்கோடில் அப்படிக் குவிந்தால் அது விளம்பரத்தின் குற்றமன்று.

கழிக்கக் கற்றுக்கொண்டவர்கள் செய்யும் தவறு இருமுறை கழிப்பது. அளவு மாற்றி அனுப்பிய ஆர்டரைத் திரும்பியதாகவும் எழுதிவிடுவார்கள். அங்கே விற்பனை நிற்கிறது, கூடுதல் கூரியர் செலவு மட்டுமே உண்டு. திரும்பிய பார்சலைக் கடையின் மென்பொருளில் ரத்து என்று மாற்றிய பிறகு, கூரியர் தாளிலிருந்தும் அதையே இன்னொரு முறை கழிப்பார்கள்.

சிலர் ஒரு படி மேலே போய், பார்சல் சேர்ந்த பிறகே Purchase நிகழ்வை அனுப்பப் பார்க்கிறார்கள். மெட்டா தளம் இணைய நிகழ்வுகளை ஏழு நாட்களுக்குள் அனுப்பினால்தான் ஏற்கும். அதற்குள் பல சி.ஓ.டி. பார்சல்கள் வழியிலேயே இருக்கும். ஆர்டர் வந்தபோதே, சி.ஓ.டி. ஆர்டருக்கு மதிப்பை 61 சதவீதமாகவும் முன்பணத்துக்கு 86 சதவீதமாகவும் குறைத்து அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவரும். அப்படிச் செய்த நாளிலிருந்து திரையில் தெரியும் ரோஆஸ் ஏறத்தாழ நிகர எண்ணாகிவிடும். அதன் பிறகு அதை 3.82 உடன் ஒப்பிடக் கூடாது, 2.46 உடன் ஒப்பிட வேண்டும். அனுப்பும் தொகையில் வரி கலந்திருந்தால் அதையும் நீக்கியாக வேண்டும்.