கிணற்று நீரால் பரவும் காய்ச்சல்: இக்கதையை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரில் அடுத்தடுத்துப் பலர் காய்ச்சலில் விழ, அங்குள்ள மருத்துவர் ஒருவர் வீடு வீடாக விசாரித்துப் பொதுக்கிணறே காரணம் என்று கண்டறிவது சிறுகதைக்கு நல்ல கரு. ஆனால் இந்தக் கருவில் எழுதப்படும் கதைகள் பெரும்பாலும் கண்டறியும் இடத்திலேயே தடுமாறுகின்றன. மருத்துவர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்பது பொருந்தவில்லையென்றால், மற்றவை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் விஷயம் தெரிந்த வாசகர் கதையை நம்பமாட்டார்.

முதலில், என்ன காய்ச்சல் என்பதை எழுதுபவர் முடிவு செய்துகொள்ள வேண்டும். மலேரியாவும் டெங்குவும் கொசுக்கடியால் பரவுபவை. குடிநீரின் மேல் அந்தப் பழியைச் சுமத்த முடியாது. குடிநீரால் பரவி, நாள்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல் என்றால் டைபாய்டுதான் இக்கதைக்குப் பொருந்தும். அதைத் தேர்ந்தெடுத்த பிறகு எல்லா நோயாளிக்கும் கடும் வயிற்றுப்போக்கைக் கொடுத்துவிட்டால் அது காலராவின் சித்திரமாகிவிடும். டைபாய்டில் காய்ச்சல் சில நாள்களில் படிப்படியாக ஏறும். தலைவலியும் பசியின்மையும் சோர்வும் சேரும். பெரியவர்கள் சிலருக்கு மலச்சிக்கல்கூட இருக்கும்.

அடுத்த தவறு காலக்கணக்கில் நேர்வது. ‘திங்களன்று மழை பெய்து சாக்கடை கிணற்றில் கலந்தது, புதனன்று ஊரே படுத்துவிட்டது’ என்று எழுதுவது எளிது, ஆனால் அப்படி நடக்காது. டைபாய்டுக் கிருமி உடலுக்குள் சென்றபின் காய்ச்சல் தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும்; சிலருக்கு மூன்று வாரமும் அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே மருத்துவர் தேட வேண்டியது நேற்றைய மழையை அன்று. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் ஊரில் என்ன நடந்தது என்பதை. நோயாளி மருத்துவரிடம் வந்த நாளையும் காய்ச்சல் தொடங்கிய நாளையும் ஒன்றாகக் கருதினால் இந்தக் கணக்கே பிசகிவிடும். கிராமத்தில் ஒருவர் கஷாயம் குடித்து, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, இனி முடியாது என்ற பிறகுதான் மருத்துவரிடம் வருவார். ‘எந்த நாள் முதன்முதலில் உடம்பு சுட்டது?’ என்று கேட்டு, அந்தத் தேதியைக் குறிப்பேட்டில் தனியாக எழுதும் மருத்துவரைப் படைத்தால் கதை ஒரே வரியில் உண்மையாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நோயுற்றவர்களை மட்டும் விசாரிப்பது. நோயாளிகள் அனைவரும் அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்தவர்கள் என்பதே முடிவான சான்றாகப் பல கதைகளில் வருகிறது. ஊரே அந்தக் கிணற்றைத்தான் நம்பியிருக்கிறது என்றால் இதற்கு என்ன மதிப்பு? நலமாக இருப்பவர்களும் அதே தண்ணீரைக் குடித்தவர்கள்தாமே. கிணற்றைக் குற்றம் சாட்ட வேண்டுமானால், அதில் குடிக்காதவர்கள் தப்பினார்களா என்றும், வேறு இடத்தில் வாழ்ந்தும் அதில் குடித்தவர்கள் நோயுற்றார்களா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கு நான் அறிந்தவரை மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, சுவிட்சர்லாந்தின் லாசன் என்ற சிற்றூரில் 1872ஆம் ஆண்டு நடந்தது. அங்கே குற்றவாளி கிணறு அன்று. ஒரு மலைமேட்டின் அடியிலிருந்து பொதுக் குழாய்களுக்கு வந்த ஊற்றுநீர். ஆனால் துப்பறியும் முறை ஒன்றே. சுமார் 780 பேர் வாழ்ந்த அந்த ஊரில் ஆகஸ்ட் 7ஆம் நாள் மட்டும் 10 பேருக்குக் காய்ச்சல் கண்டது. அக்டோபர் முடிவதற்குள் 130 பேர் நோயுற்றனர். பாசல் நகர மருத்துவர் ஹேக்லர் விசாரித்தபோது, ஊற்றுநீரை எடுக்காமல் சொந்தக் கிணறு வைத்திருந்த ஆறு வீடுகளில் மட்டும் நோய் வரவில்லை என்று தெரிந்தது. விடுமுறைக்கு லாசன் வந்து ஊர் திரும்பிய குழந்தைகள் சிலர், தங்கள் ஊருக்குப் போன பிறகு காய்ச்சலில் விழுந்திருந்தனர். நலமாயிருந்த அந்த ஆறு வீடுகளும், தொலைவில் நோயுற்ற அந்தக் குழந்தைகளும், ஊருக்குள் படுத்திருந்த 130 பேரைவிட அதிகம் சொன்னார்கள்.

அசுத்தம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலும் லாசன் ஒரு பாடம் வைத்திருக்கிறது. மேட்டின் மறுபக்கப் பள்ளத்தாக்கில் தனித்திருந்த ஒரு பண்ணைவீட்டில் ஜூன் மாதமே டைபாய்டு கண்டிருந்தது. அந்த வீட்டின் கழிவு அருகிலுள்ள ஓடையில் கலந்தது. ஜூலை நடுவில் அந்த ஓடைநீரைப் புல்வெளிக்குப் பாய்ச்சினார்கள். ஏறக்குறைய மூன்று வாரத்தில் மேட்டின் இப்பக்கம் காய்ச்சல் வெடித்தது. ஓடைநீர் மண்ணுக்குள் புகும் இடத்தில் ஹேக்லர் ஏறக்குறைய 900 கிலோ உப்பைக் கரைத்து ஊற்றச் செய்தார். ஊர்க் குழாய்களில் தண்ணீர் உப்புக் கரித்தது. பின்னர் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட மாவைக் கலந்துவிட்டார். மாவின் சுவடுகூட வரவில்லை. மாவை வடிகட்டிய நிலத்தால் நோயை வடிகட்ட முடியவில்லை. கழிப்பறைக் குழியும் கிணறும் சற்றுத் தள்ளியிருப்பதால் ஆபத்தில்லை என்று ஒரு பாத்திரம் பேசும்போது, இந்த உண்மை கதாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சான்றைத் தண்ணீருக்குள்ளேயே காட்ட முயல்வது இன்னொரு தவறு. மருத்துவர் ஒரு துளி நீரை நுண்ணோக்கியில் வைத்து ‘இதோ டைபாய்டு’ என்று சொல்ல முடியாது. அந்தக் கிருமி பார்வைக்கு மற்றப் பல குடற்கிருமிகளைப் போலவே இருக்கும்; வளர்த்துச் சோதித்துத்தான் பிரித்தறிய வேண்டும். காய்ச்சல் வெளிப்படும் வேளையில் நோய் தந்த அந்தத் தண்ணீர் பெரும்பாலும் செலவாகிப் போயிருக்கும். எனவே நடைமுறையில் சோதிப்பது மலக்கலப்பு உள்ளதா என்பதைத்தான். கிணறு தெளிவாக இருப்பதும் சுவையாக இருப்பதும் எதையும் நிரூபிக்கா. மருத்துவர் முதலில் பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு அதன் பிறகு மாதிரி எடுப்பதாகவும் எழுதக் கூடாது. அந்த மாதிரியில் தேட வேண்டியதை அவரே அழித்துவிட்டிருப்பார்.

அந்தப் பவுடரைப் போடும் காட்சியும் கவனிக்கத்தக்கது. மூட்டையை அப்படியே கிணற்றில் கொட்டுவது நாடகத்தனமாக இருக்குமே தவிர, முறை அதுவன்று. 3 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் சுமார் 14,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்ற வழக்கமான கணக்கில், நல்ல தரமான பவுடர் 35 கிராம் போதும். அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளியில் எடுத்து, கிணற்று நீருக்குள் இறக்கி அசைத்துக் கலக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் இறைக்கக் கூடாது. அசுத்தம் மிகுந்த கிணற்றுக்கு அளவு கூடும் என்பதால் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று சோதிப்பதும் அவசியம். குடத்துடன் காத்திருக்கும் பெண்களிடம் அந்த ஒரு மணி நேரத்தை மருத்துவர் எப்படிப் பெறுகிறார் என்பதிலேயே நல்லதொரு காட்சி இருக்கிறது.

கிணற்றை மூடிய மறுநாளே காய்ச்சல் நின்றுவிடுவதாகக் கதையை முடிப்பதும் பிழை. கடைசி நாள் தண்ணீர் குடித்தவர்களுக்கு இன்னும் காய்ச்சலே வந்திருக்காது. மேலும் இரண்டு மூன்று வாரங்களுக்குப் புதிய நோயாளிகள் வருவார்கள். நோயாளியின் மலம் பட்ட துணியைத் துவைத்துக் கை கழுவாமல் சமைப்பவர் மூலம் வீட்டுக்குள்ளும் பரவும். ‘கிணற்றை மூடிவிட்டீர்களே, என் மகனுக்கு ஏன் இன்றைக்குக் காய்ச்சல்?’ என்று ஒரு தாய் கேட்பார். அவரிடமும் மருத்துவர் ஒரு நாளைத்தான் கேட்க வேண்டும்: பையன் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கடைசியாகக் குடித்தது எந்த நாள்?