டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைக்கு ஒர்க்‌ஷீட்டை மாற்றி அமைப்பது எப்படி? ஒரு கழித்தல் தாளை வைத்து விளக்கம்

மூன்றாம் வகுப்புக் கழித்தல் ஒர்க்‌ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே ஏ4 தாளில் இருபது கணக்கு, வரிசைக்கு நான்கு, நடுவில் விரல் நுழையும் அளவுக்குக்கூட இடம் இல்லை. டிஸ்கால்குலியா என்பது எண்களைப் புரிந்து கையாள்வதில் வரும் கற்றல் சிரமம். அது உள்ள பிள்ளைக்கு இந்தத் தாளைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பக்கத்துக் கணக்கின் எண் இந்தக் கணக்கில் வந்து சேரும். கடன் வாங்கி மேலே எழுதிய சின்ன எண், மேல்வரிசைக் கணக்கின் விடையோடு ஒட்டிக்கொள்ளும். 71-இல் 4 போக 31 என்று எழுதியிருப்பாள். 4-ஐ 7-க்குக் கீழே வைத்துக் கழித்ததன் விளைவு அது. வெறும் கவனக்குறைவு என்று திட்டி வேலையில்லை.

இந்தத் தாளைத்தான் மாற்றப் போகிறோம். வேண்டியவை: ஏ4 தாள், அடிக்கோல், பென்சில், பேனா, மூன்று கலர் பென்சில். கணினி இருந்தால் டேபிள் போட்டும் செய்யலாம். முதல் தடவை கையால் செய்து பாருங்கள், அளவுகள் மனதில் பதியும்.

கணக்கைத் தேர்ந்தெடுப்பது

பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். இருபதில் முதல் ஆறை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடுவார்கள். முதல் ஆறு பெரும்பாலும் எளிய கணக்காக இருக்கும், அதனால் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் பயிற்சியே கிடைக்காமல் போகும். குறைய வேண்டியது எண்ணிக்கை, கணக்கின் தரம் அல்ல. இரண்டு நாளில், ஒரு நாளைக்கு மூன்று கணக்கு போதும்.

முதல் நாள் தாளில் ஒரே வகை: கடன் வாங்கும் கணக்குகள் மூன்று. 74 − 36, 41 − 19, 83 − 57. இரண்டாம் நாள் தாளில் கலவை: கடன் தேவையில்லாத 86 − 34, ஓரிலக்க எண் வரும் 71 − 4, பூஜ்யம் வரும் 50 − 23. கடன் வாங்கணுமா வேண்டாமா என்று யோசிக்கும் வேலை இரண்டாம் நாளுக்குத்தான்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. 63 − 28 போன்ற கணக்கை நான் விட்டுவிடுவேன். பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று 8-இல் 3 கழித்தாலும் விடை 45. சரியாகக் கடன் வாங்கி 13-இல் 8 கழித்துவிட்டு, 6-ஐ 5 ஆக்க மறந்தாலும் விடை அதே 45. ஒன்றுகளின் வித்தியாசம் ஐந்தாக இருந்தால் இப்படித்தான் இரண்டு பிழையும் ஒரே முகம் காட்டும். 74 − 36-இல் அந்தக் குழப்பம் இல்லை: முதல் பிழைக்கு 42 வரும், இரண்டாவதற்கு 48. கணக்கு குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றும் நமக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்.

இடம் விடுவது

தாளை நெடுக்கில் ஒரு மடிப்பு, குறுக்கில் ஒரு மடிப்பு மடித்து விரியுங்கள். பத்தரை சென்டிமீட்டர் அகலம், பதினைந்துக்குச் சற்றுக் குறைவான உயரம் கொண்ட நான்கு பகுதி கிடைக்கும். மடிப்புக் கோட்டின் மேல் பேனாவால் அழுத்திக் கோடு போடுங்கள். இடது மேல் பகுதியில் 62 − 38 = 24 என்று நீங்களே செய்து காட்டிய மாதிரிக் கணக்கு. மீதி மூன்றில் பிள்ளையின் கணக்கு.

ஒவ்வொரு பகுதியின் மேல்பாதியில் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரக் கட்டங்கள் வரையுங்கள். மூன்று நெடுவரிசை: கழித்தல் குறிக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று. கிடைவரிசையும் மூன்று: மேல் எண், கீழ் எண், விடை. இதற்கும் மேலே ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு சின்னக் கட்டம், கடன் வாங்கிய பின் மாறும் எண்களுக்கு. அந்தச் சின்னக் கட்டம் இல்லாவிட்டால் மற்ற மாற்றங்களால் பாதிப் பலன்தான். 74 − 36-இல் அதற்குள் 6, 14 என்று எழுதியிருந்தால் பிள்ளை என்ன நினைத்தாள் என்பது தாளிலேயே தெரியும்.

கீழ்ப்பாதியைக் காலியாக விடுங்கள். குச்சி போட, புள்ளி வைக்க அந்த இடம். அழகுக்காக அங்கே பொம்மைப் படம் ஒட்டாதீர்கள், கண் அங்கேதான் போகும்.

71 − 4-இல் 4-க்கு இடப்பக்கக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.

நிறம் கொடுப்பது

எண்ணுக்கு நிறம் கொடுக்க வேண்டாம், நெடுவரிசைக்குக் கொடுங்கள். எண் கறுப்பில் தெளிவாக இருக்கணும். ஒன்றின் வரிசைக்கு வெளிர்பச்சை, பத்தின் வரிசைக்கு வெளிர்நீலம், தலைப்பில் ‘ஒ’, ‘ப’. இந்த நிறங்களை நான் சும்மா சொல்லவில்லை. மாண்டிசோரி வகுப்புகளில் ஒன்றுக்குப் பச்சை, பத்துக்கு நீலம், நூறுக்குச் சிவப்பு என்பது வழக்கம். சென்னையில் நிறையப் பிள்ளைகள் அந்த வகுப்பு வழியாக வந்தவர்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் வேறு நிறம் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் தாளுக்குத் தாள் மாற்றக் கூடாது. கழித்தல் குறியைச் சுற்றி மஞ்சள் வட்டம் ஒன்று. இதற்கு மேல் நிறம் வேண்டாம்.

ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நிறம் தீட்டிய தாளைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் நெடுவரிசை சாம்பலாகிவிடும், பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசமே தெரியாது. கட்டம் மட்டும் போட்ட வெறுந்தாளை நகலெடுத்துக்கொண்டு, எண்ணையும் நிறத்தையும் வீட்டில் சேருங்கள். ஸ்கெட்ச் பேனா சாதாரணத் தாளில் மறுபக்கம் ஊறும், ஆகவே கலர் பென்சில்தான் நல்லது.

தாளைக் கொடுத்த பிறகு

பிள்ளை செய்யும்போது மற்ற மூன்று பகுதியும் கண்ணில் படாதபடி மடித்துக் கொடுங்கள். மாதிரி வேண்டுமென்றால் அவளே விரித்துப் பார்த்துக்கொள்வாள். நேரம் குறிக்காதீர்கள்.

இப்போது விடைகளைப் பாருங்கள். 71 − 4-க்கு 31 வருவது நின்று 67 வந்தால், இடமும் கட்டமும் வேலை செய்திருக்கின்றன. ஆனால் எண்கள் சரியான கட்டத்தில் இருந்தும், சின்னக் கட்டம் காலியாக, 74 − 36-க்கு 42 என்றே வந்தால் தாளை இன்னும் அழகாக்கிப் பயனில்லை. ஒரு பத்து என்பது பத்து ஒன்றுகள் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. அதை எந்த ஒர்க்‌ஷீட்டாலும் சொல்லித்தர முடியாது.

அப்போது தாளை ஓரமாக வைத்துவிட்டுக் காசை எடுங்கள். ஏழு பத்து ரூபாய், நான்கு ஒரு ரூபாய் அவள் கையில் கொடுத்து 36 ரூபாய் கேளுங்கள். நான்கு ஒரு ரூபாய்தான் இருக்கிறது, ஆறு தரணும். ஒரு பத்தை உங்களிடம் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய் வாங்கிக்கொள்ளட்டும். இப்போது ஆறு பத்து, பதினான்கு ஒன்று. சின்னக் கட்டத்தில் எழுத வேண்டிய 6-ம் 14-ம் அவள் கையிலேயே இருக்கின்றன. (நம் ஊரில் சில கடைக்காரர்கள் வாங்க மறுக்கும் பத்து ரூபாய் நாணயம் இதற்காவது உதவட்டும்.)

“மற்ற பிள்ளைகளுக்கு இருபது, இவளுக்கு மட்டும் ஆறா மிஸ்?” என்று யாராவது கேட்பார்கள். ஆறில் எந்தெந்த வகை இருக்கிறது என்று தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள், அதைக் காட்டினால் போதும்.

நிறத்தை எடுப்பது

தேர்வுத்தாளில் பச்சையும் நீலமும் இருக்காது. ஆகவே தொடர்ந்து சில தாளில் பிழை வராமல் போனதும் முழு நெடுவரிசை நிறத்தை நிறுத்திவிட்டு, ‘ஒ’, ‘ப’ எழுத்துக்கு மட்டும் நிறம் கொடுங்கள். அப்புறம் எழுத்து மட்டும், கறுப்பில். கடைசியாக, பள்ளியில் கொடுக்கும் கட்டம் போட்ட கணக்கு நோட்டு. சின்னக் கட்டத்தை மட்டும் கடைசிவரை விட்டுவைக்கலாம், வெறும் நோட்டில் அவளே வரைந்துகொள்ளப் பழகுவாள். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் எடுக்கணும். நிறத்தையும் எடுத்து, தாளுக்கு ஆறு கணக்கும் ஆக்கிவிட்டால், பிழை திரும்பும்போது காரணம் எது என்று உங்களுக்கே தெரியாது.