பள்ளியின் அறிமுகக் கூட்ட ஸ்லைடுகளைச் சேர்க்கைப் பக்கமாக மாற்றுவது எப்படி?

தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய மெட்ரிக் பள்ளிக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்தேன். ஜூன் மாதம் பெற்றோர் கூட்டத்தில் காட்டிய 26 ஸ்லைடுகள் கையில் இருந்தன. "இதையே இணையத்தில் போட்டுவிடலாமே" என்றார் தலைமை ஆசிரியை. போட முடியாது. அன்றைக்கு அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளையை ஏற்கனவே சேர்த்துவிட்டவர்கள். ஸ்லைடில் இல்லாததை மேடையில் நின்றவர் வாயால் சொன்னார். இணையப் பக்கத்தைப் படிக்கப்போகிறவரோ இன்னும் நான்கு பள்ளிகளை விசாரித்துக்கொண்டிருப்பவர். அவருக்கு எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

1. எதை வைப்பது, எதை விடுவது

ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது தெரிந்தால், சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவு மாறுமா? டைரியில் கையெழுத்து, பிறந்தநாள் சாக்லேட், வாட்ஸ்அப் குழு விதிகள் எல்லாம் சேர்ந்த பிறகு தெரிந்தால் போதும். எங்களுக்கு 9 ஸ்லைடுகள் மிஞ்சின.

2. எழுத்துகளை வெளியே எடுப்பது

பவர்பாயிண்டில் View போய் Outline View அழுத்தினால் எழுத்துகள் வரிசையாக வரும். ஆனால் தனியாக வரைந்த டெக்ஸ்ட் பாக்ஸில் இருப்பதும் படத்துக்குள் இருப்பதும் அங்கே வராது. எங்கள் வேன் நேரங்கள் முழுவதும் அப்படித்தான் விடுபட்டன. அதனால் ஸ்லைடைப் பக்கத்தில் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். ஸ்லைடுக்குக் கீழே பேசுபவர் எழுதி வைத்த குறிப்புகளையும் படியுங்கள். பெற்றோருக்கு வேண்டிய விளக்கம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று, 'பாமினி' போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், இணையத்தில் ஒட்டியதும் 'பள்ளி' என்பது `gs;sp` என்று தெரியும். யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றுங்கள். மாற்றிய பின் எண்களையும் நிறுத்தக்குறிகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

3. கட்டணம்: இங்கே நேரம் செலவழியுங்கள்

எங்கள் ஸ்லைடில் இருந்தது இவ்வளவுதான்: "முதல் பருவக் கட்டணம் ரூ.7,500. 10-ஆம் தேதிக்குள் செலுத்தவும்." சேர்ந்தவருக்கு இது போதும். யோசிப்பவர் கேட்பது வேறு: "வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?" அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கூட்டினோம். மூன்று பருவங்களுக்கு 22,500, புத்தகம் நோட்டு 3,200, இரண்டு செட் சீருடை 1,800. ஆக மொத்தம் 27,500 ரூபாய். வேன் மாதம் 900 வீதம் பத்து மாதத்துக்கு 9,000. வேனோடு சேர்த்தால் 36,500. பக்கத்தில் இந்த இரண்டு மொத்தத் தொகையையும் முதலில் எழுதி, பிரிவுகளை அடுத்து வைத்தோம். எந்தக் கல்வி ஆண்டுக்கான தொகை என்பதையும் அதே வரியில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு ஒருவர் பழைய தொகையைக் காட்டிச் சண்டைக்கு வருவார். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குழு நிர்ணயிக்கிறது. பக்கத்தில் போடும் கட்டணம் அந்த ஆணையோடு ஒத்துப்போகிறதா என்று கணக்காளரிடம் கேட்டுவிட்டே வெளியிடுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்கள் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இது உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உங்கள் பள்ளி எந்த வகை என்பதை நேராக எழுதிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

4. ஸ்லைடு மொழியைப் பெற்றோர் மொழியாக்குவது

"போக்குவரத்து: வேன் 1, வேன் 2" என்று ஒரு ஸ்லைடு. வெளியாளுக்கு இதில் என்ன புரியும்? கொருக்குப்பேட்டையில் இருப்பவர் கேட்பது, "ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வேன் வருமா, காலையில் எத்தனை மணிக்கு?" என்பதுதான். அதனால் வேன் எண்ணை எடுத்துவிட்டு, நிற்கும் இடத்தையும் ஏறும் நேரத்தையும் எழுதினோம்.

"குழந்தையுடன் நேர்காணல்" என்ற ஸ்லைடையும் கவனியுங்கள். சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதை அதே கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. எங்கள் பள்ளியில் நடந்தது, சேர்ந்த பிறகு ஆசிரியர் குழந்தையோடு பழகும் அரை மணி நேரம் மட்டும்தான். பக்கத்தில் அதையே அப்படி எழுதினோம்.

குழந்தைகளின் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குங்கள். கூட்டத்தில் ஒருமுறை காட்டுவது வேறு, இணையத்தில் நிரந்தரமாகக் கிடப்பது வேறு.

5. போனில் சரிபார்ப்பது

பள்ளியோடு தொடர்பே இல்லாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, "மொத்தம் எவ்வளவு, என்னென்ன சான்றிதழ், வேன் எங்கே நிற்கும்?" என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் தொகையைச் சட்டென்று சொன்னார், சான்றிதழ் பட்டியலைத் தேடினார். அது கடைசியில், படங்களுக்குக் கீழே இருந்தது. கட்டணத்துக்கு அடுத்ததாக மேலே ஏற்றினோம்.