கொட்டில் ஆடுகளுக்கு ஒரு நாள் தீவனம்: தழை, உலர்தீவனம், அடர்தீவனம்

தேவிபட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் நெல் அறுவடை முடிந்து தாள்களும் மேய்ந்து தீர்ந்த பிறகு, தரையில் ஆட்டுக்கு உருப்படியாக எதுவும் கிடைப்பதில்லை. அந்த மாதங்களில் ஆடுகளைக் கொட்டிலில் கட்டி வளர்க்கத் தொடங்குபவர்களுக்காக, சினையில்லாத, பால் வற்றிய ஐந்து கொடி ஆடுகளுக்கு ஒரு நாள் தீவனத்தை எப்படி அளந்து வைப்பது என்று இங்கே விளக்குகிறேன். ஒவ்வோர் ஆடும் ஏறத்தாழ 30 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம்.

அளவு

இந்த எடையுள்ள ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், சுமார் 1 கிலோ தீவனம் வேண்டும். தின்னக்கூடிய தழை 2 கிலோ கொடுத்தால் அதில் ஏறத்தாழ 600 கிராம் தேறும். மீதியை 300 கிராம் உலர்தீவனமும் 150 கிராம் அடர்தீவனமும் நிரப்பிவிடும். ஆகவே ஐந்து ஆடுகளுக்குத் தழை 10 கிலோ, உலர்தீவனம் ஒன்றரைக் கிலோ, அடர்தீவனம் முக்கால் கிலோ என்று கணக்கு வருகிறது.

முதல் படி: முந்தின நாள் மாலையில் தழை வெட்டுதல்

பூவரசு, வேம்பு, சவுண்டல், கிளைரிசிடியா, குடைவேல் ஆகியவை எங்கள் பக்கம் எளிதாகக் கிடைப்பவை. இவற்றில் இரண்டு மூன்றைக் கலந்து வெட்டி, நிழலில் பரப்பி, இரவு முழுவதும் வாட விடுங்கள். பச்சையாக இருக்கும்போது கிளைரிசிடியாவின் வாடையை வெறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆடு, வாடிய தழையை மறுநாள் தயங்காமல் கடிக்கும். சவுண்டலை மட்டும் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்க வேண்டாம்; அதிலுள்ள மைமோசின் என்னும் நச்சுப்பொருள், நாள்கணக்கில் அதிகமாகச் சேர்ந்தால் முடி உதிரச் செய்யும். சீமைக்கருவேலத்தின் இலையை ஆடு தொடுவதில்லை. அதன் முற்றிய நெற்றைக் காயவைத்து இடித்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

இரண்டாம் படி: அடர்தீவனம் கலத்தல்

10 கிலோ கலவைக்கு இடித்த மக்காச்சோளம் மூன்றரைக் கிலோ, கடலைப்பிண்ணாக்கு இரண்டரைக் கிலோ, தவிடு 3.7 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், சமையல் உப்பு 100 கிராம் சேர்க்க வேண்டும். ஐந்து ஆடுகளுக்கு இது பதின்மூன்று நாள் வரும். பூசணம் பிடித்த பிண்ணாக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: நேரப்படி வைத்தல்

காலை ஏழு மணிக்குக் கடலைக்கொடியோ உளுந்தம்பொட்டோ அரைக் கிலோ வையுங்கள். அதைத் தின்று அரை மணி நேரம் கழித்த பிறகே அடர்தீவனத்தைத் தனித்தனித் தட்டில் கொடுக்க வேண்டும்; ஒரே தொட்டியில் கொட்டினால் வலுவான ஆடு மற்றவற்றின் பங்கையும் விழுங்கிவிடும். முதல் வருடம் நான் சாக்கின் வாயைக் கட்டாமல் விட்டதால் ஒரு கிடாய் இரவில் நுழைந்து வயிறு கொள்ளும் மட்டும் தின்றுவிட்டது; விடியும்போது அசை போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது, புழுக்கை கூழாகப் போயிற்று. இந்த அறிகுறிகளைக் கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

பத்து மணிக்குத் தழையில் பாதியும், மாலை நான்கு மணிக்கு மறுபாதியும் கொடுங்கள். தழையைத் தரையில் போடாமல், ஆட்டின் தலை உயரத்தில் கட்டாகத் தொங்கவிடுவது அவசியம். மிதிபட்டுச் சிறுநீர் பட்ட தழையை ஆடு பசித்தாலும் முகர்ந்துவிட்டு ஒதுங்கும். மீதி ஒரு கிலோ உலர்தீவனம் இரவுக்கு. தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் ஊருணி நீரைக் கொடுங்கள். அதுவும் முடியாதபோது கலவையில் சமையல் உப்பை விட்டுவிடலாம்.

நான்காம் படி: மிச்சத்தை நிறுத்தல்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். வாடிய கிளைகளைத் தொங்கவிடும் முன் ஒரு முறையும், மாலையில் எஞ்சிய குச்சிகளை ஒரு முறையும் எடை போடுங்கள். 17 கிலோ தொங்கவிட்டு 7 கிலோ குச்சி மிஞ்சினால், ஆடுகள் தின்றது 10 கிலோ. நம் கணக்கு சரி. குச்சியில் இலையும் மிஞ்சியிருந்தால் மறுநாள் அந்த மர வகையைக் குறைத்து வேறு தழையைக் கூட்டுங்கள். விடியற்காலையில் தொட்டியில் ஒரு துரும்புகூட இல்லாமல் ஆடுகள் கத்தினால் உலர்தீவனத்தை ஆட்டுக்கு 100 கிராம் ஏற்றுங்கள், அடர்தீவனத்தை அல்ல. மாலையில் இடப்பக்கப் பசிக்குழி நிரம்பியும், புழுக்கை உருண்டை உருண்டையாகவும் இருந்தால் அளவு பொருந்திவிட்டது என்று கொள்ளலாம்.

மேய்ந்து பழகிய ஆட்டுக்கு இந்த முழு அளவையும் முதல் நாளே வைக்கக் கூடாது. 30 கிராம் அடர்தீவனத்தில் தொடங்கி, பத்து நாளில் 150 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். சினை ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரங்களில் இதை இதே போலப் படிப்படியாக 250 கிராம் வரை உயர்த்த வேண்டும்.